மாலை போட்டதும் எகிறிய ஐ.என்.ஆர்.

இதயத்தில் செயற்கை மிட்ரல் வால்வு வைத்துக்கொண்ட ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வயது 48. வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்கத் தினமும் ராத்திரி 5 மில்லிகிராம் வார்ஃபாரின் போடுகிறார். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை ஐ.என்.ஆர். சோதனை காட்டும். மாத்திரை போடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும்; இவருக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். வருவதோ 1.8.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"

"போடுறேங்க டாக்டர்."

பொய்யில்லை. தினமும் சாயங்காலம் ஒரு குவார்ட்டர் போவதை மட்டும் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. டாக்டர் மாத்திரையை 6 ஆக்குகிறார், பிறகு 7. ஐ.என்.ஆர். 2.8க்கு வருகிறது. எல்லோருக்கும் நிம்மதி.

கார்த்திகையில் அவர் சபரிமலைக்கு மாலை போடுகிறார். குடி அன்றோடு நிற்கிறது. நான்காவது வாரம் பல் தேய்க்கையில் ஈறிலிருந்து வரும் ரத்தம் நிற்க மறுக்கிறது. சோதித்தால் 5.6. "நல்லவனா மாறினதுக்கா இந்தத் தண்டனை?" என்று அவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு.

கணக்கு கல்லீரலில் இருக்கிறது. வார்ஃபாரினைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல் நொதிகள். மாதக்கணக்கில் தினமும் நிறையக் குடிப்பவரிடம் அந்த நொதிகள் சுறுசுறுப்பாகிவிடுகின்றன. மருந்து சீக்கிரம் கரைந்து போகிறது, ஐ.என்.ஆர். இறங்குகிறது. குடியை நிறுத்தினால் சில வாரங்களில் நொதிகள் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் மாத்திரை 7 மில்லிகிராமிலேயே நிற்கிறது. குடிகாரக் கல்லீரலுக்காக அளந்த மருந்து, குடிக்காத உடம்புக்குள் போகிறது.

எப்போதாவது ஒரே மூச்சில் நிறையக் குடிப்பவரின் கதை நேர் எதிர். சாராயத்தைக் கையாளுவதிலேயே கல்லீரல் மும்முரமாக இருக்க, வார்ஃபாரின் ரத்தத்தில் தேங்குகிறது, ஐ.என்.ஆர். ஏறுகிறது. அன்று சரியாகச் சாப்பிடாமலும் இருந்தால் வைட்டமின் கே குறைந்து இன்னும் ஏறும். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய ராத்திரி இவர் மூன்று குவார்ட்டரை முடித்தால் அதுதான் நடக்கும். கல்லீரல் சுருங்கிப்போன பழைய குடிகாரர்களிடமோ ரத்தம் உறையத் தேவையான புரதங்களே சரியாக உற்பத்தியாவதில்லை. அவர்களுடைய எண் மாத்திரை இல்லாமலே உயர்ந்திருக்கும். ஒரே பழக்கம் எண்ணை மூன்று விதமாக இழுக்கிறது. அதனால், குடிக் கணக்கு தெரியாமல் ஐ.என்.ஆரை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடிப்பதுதான் என்பேன்.

இதில் நோயாளிகள் செய்யும் இரண்டு காரியங்கள் குழப்பத்தைக் கூட்டுகின்றன. ஒன்று, சோதனைக்கு நாலு நாள் முன்பிருந்து குடிக்காமல் இருப்பது. டாக்டருக்கு மரியாதை காட்டுகிறோம் என்று நினைக்கிறார்கள். அந்த எண் அவர்களுடைய வழக்கமான வாரத்தைக் காட்டாது. மற்றொன்று, குடிக்கிற ராத்திரி 'சேர்ந்தால் ஆபத்து' என்று மாத்திரையை விட்டுவிடுவது. செயற்கை வால்வு உள்ளவருக்கு இது மிகப் பெரிய தவறு. வால்வில் கட்டும் ரத்தம் மூளைக்குப் போனால் பக்கவாதம்.

கேட்கும் விதத்திலும் கோளாறு இருக்கிறது. "குடிப்பீங்களா?" என்றால் எல்லோரும் 'இல்லை' என்பார்கள், அதுவும் மனைவி பக்கத்தில் நிற்கையில். "போன வாரம் எத்தனை நாள், எவ்வளவு? அதற்கு முந்தின மாதமும் அப்படித்தானா?" என்று திட்டாமல் கேட்டு, ஐ.என்.ஆர். அட்டையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே குறித்துவைக்கலாம். அளவு முக்கியம். என்றைக்காவது ஒரு சின்ன பெக் பெரும்பாலோருக்கு எண்ணை அதிகம் அசைப்பதில்லை. நம்மூர் குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' என்பது 14 கிராம்தான். குடியை நிறுத்துபவரும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்; அடுத்த சில வாரங்களுக்கு வாரம் ஒரு முறை சோதித்து மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வரலாம். மாலை போடும் நாளையும் டாக்டரிடம் சொல்லலாம்.

எண் சரியாக இருந்தாலும் தீராத ஒன்று உண்டு. ஐ.என்.ஆர். தட்டணுக்களை அளப்பதில்லை, குடி அவற்றை மந்தமாக்கும், இரைப்பையையும் புண்ணாக்கும். மறுநாள் தலைவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் இரண்டையும் மோசமாக்கும். அதனால் 2.8 என்று அட்டையில் இருக்கும்போதே மலம் தார் போலக் கறுத்துப் போகலாம்.

பைக்கிலிருந்து சரிந்தோ, வாசற்படியில் தடுக்கியோ தலையில் அடிபடுவது இன்னும் கொடியது. மூளையைச் சுற்றி ரத்தம் மெதுவாகக் கசியும்; உளறல், வாந்தி, தூக்கம் எனப் போதையைப் போலவே தெரியும். "தூங்கட்டும், விடிஞ்சா தெளிஞ்சிடும்" என்று வீட்டார் போர்த்திவிடுவார்கள். வார்ஃபாரின் போடுபவர் குடித்துவிட்டுத் தலையில் அடிபட்டால், பேச்சு தெளிவாக இருந்தாலும் அந்த ராத்திரியே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அட்டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.