சென்னையும் மதராசும்

தில்லியிலிருந்து சென்னைக்கு எடுக்கும் தொடர்வண்டிப் பயணச்சீட்டில், சென்னை சென்ட்ரல் நிலையத்தின் பெயரை அடுத்து MAS என்னும் குறியீடு இருக்கும். ‘மதராஸ்’ என்னும் பெயரின் எச்சம் அது. நகரின் பெயர் 1996ஆம் ஆண்டிலேயே மாற்றப்பட்டதாகச் சொல்லப்படுகிறதே, பின் இந்த எழுத்துகள் எப்படித் தங்கின?

‘மதராஸ்’ வெள்ளையர் சூட்டிய பெயர், ‘சென்னை’ பழந்தமிழ்ப் பெயர் என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து முழுவதும் சரியன்று. 1639ஆம் ஆண்டு தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டை கட்ட இடம் அளித்தபோதே அவ்விடத்துக்கு மதராசபட்டினம் என்னும் பெயர் இருந்தது. ஆங்கிலேயர் அதன் வாலை நறுக்கித் தம் எழுத்துக்கேற்ப வழங்கியதே ‘மதராஸ்’. கோட்டையை ஒட்டி வளர்ந்த ஊரோ, நாயக்கரின் தந்தை சென்னப்பரின் பெயரால் சென்னப்பட்டினம் ஆயிற்று என்பர். அவர் தெலுங்கர். ஆகவே இரண்டுமே வரலாற்றுப் பெயர்கள். ஒன்றை அடிமைப் பெயர் என இகழ்வது பொருந்தாது.

1996இல் உண்மையில் நடந்தது என்ன? தமிழில் எதுவும் மாறவில்லை என்பதே விடை. அதற்கு முன்பே தமிழ் நூல்களும் நாளிதழ்களும் ‘சென்னை’ என்றே எழுதின. 1857இல் தோன்றிய பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் மதராஸ் பெயரையும் தமிழில் சென்னைப் பெயரையும் தாங்கி நிற்கிறது. (நாட்டுப்புறத்தாரோ இரண்டையும் விட்டுப் ‘பட்டணம்’ என்றே சொல்லிவந்தனர்!) ஆங்கிலத்திலும் ‘சென்னை’ என்றே எழுத வேண்டும் என்று மாநில அரசு செய்ததுதான் அந்த ஆண்டின் மாற்றம்.

அம்மாற்றம் நகரின் பெயரைத்தான் தொட்டது. நகரின் பெயரைத் தாங்கிய நிறுவனங்கள் பலவற்றைத் தொடவில்லை. உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் இன்றும் மதராஸ் உயர் நீதிமன்றமே. அதன் பெயரை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 2016இல் அதற்கான மசோதா கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை. தொடர்வண்டிக் குறியீடோ கணக்கு வசதிக்கான அடையாளம் மட்டுமே.

இந்த வேறுபாடு தெரியாவிட்டால் வீண் குழப்பம் நேரும். 1980இல் பிறந்த தந்தையின் ஆங்கிலப் பிறப்புச் சான்றிதழில் ‘மதராஸ்’ என்றும், 2012இல் அதே ஊரில் பிறந்த மகளின் சான்றிதழில் ‘சென்னை’ என்றும் இருக்கலாம். இரண்டும் பிழையல்ல. பழைய சான்றிதழ் அது எழுதப்பட்ட நாளின் சட்டப் பெயரைக் காட்டுகிறது. அதைத் திருத்த வேண்டியதில்லை. இன்று நிரப்பும் விண்ணப்பத்தில் ஊர்ப் பெயராகச் ‘சென்னை’ என்றே எழுத வேண்டும். அதே விண்ணப்பத்தில் தந்தை பட்டம் பெற்ற பல்கலைக்கழகத்தை ஆங்கிலத்தில் குறிக்கும்போது, பட்டச் சான்றிதழில் உள்ளபடி ‘மதராஸ்’ என்பதே சரி.