சதவீதம் இருக்கிறது, ரூபாய் எங்கே? கடன் ஒப்பந்தத்தின் மூன்று வரிகள்

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சில்லறைத் தவணைக் கடன் கொடுக்கும்போது, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் ‘முக்கிய விவரத் தாள்’ தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு வந்த புதிய கடன்களுக்கு இது பொருந்தும். வட்டி, கட்டணங்கள், தவணை அட்டவணை எல்லாம் அதில் இருக்கும். ஆனால் தமிழில் அச்சடித்துவிட்டதால் மட்டும் ஒரு நிபந்தனை புரிந்துவிடாது. எந்தத் தொகைக்கு, எந்த நாளிலிருந்து, எத்தனை ரூபாய் என்று எழுதினால்தான் விவசாயி அதைத் தன் வரவு செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

டிராக்டர் கடன் ஒப்பந்தங்களில் காணப்படும் பாணியில் ஒரு மாதிரி நிபந்தனையை எடுத்துக்கொள்வோம்: “கடன் தொகைக்கு ஆண்டொன்றுக்கு 10 சதவீதம் நிலை வட்டி. தவணை தவறினால் நிலுவைத் தொகைக்கு மாதம் அல்லது அதன் பகுதிக்கு 3 சதவீதம் கூடுதல் வட்டி. தவணைக் காலம் முடியும் முன் கடனை முடித்தால் 4 சதவீதம் கட்டணம்.” கடன் 5 லட்சம் ரூபாய். அறுவடையை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒரு தவணை வீதம், 5 ஆண்டுகளில் 10 தவணை.

முதல் வரி, வட்டி. இங்கே நிலை வட்டி என்பது, அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழு 5 லட்சத்துக்கும் கடைசி நாள் வரை போடும் வட்டி. சந்தையில் இதை ‘பிளாட்’ வட்டி என்பார்கள். ஆண்டுக்கு 50,000 வீதம் 5 ஆண்டுக்கு 2,50,000 ரூபாய். அசலோடு சேர்த்து 7,50,000. ஒரு தவணை 75,000 ரூபாய். கட்டக் கட்டக் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் இதே தவணையைக் கணக்கிட்டால், வட்டி ஆண்டுக்குச் சுமார் 16.3 சதவீதம் ஆகிறது. எனவே 10 சதவீத பிளாட் கடனையும் 13 சதவீத ‘குறையும் அசல்’ கடனையும் பக்கத்தில் வைத்து, 10 மலிவு என்று முடிவு செய்தால் ஏமாற்றமே. முக்கிய விவரத் தாளில் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் ஒன்று இருக்கும். இரண்டு கடன்களை ஒப்பிட அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வரியை இப்படி எழுதலாம்: “நீங்கள் வாங்குவது 5,00,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 75,000 வீதம் 10 முறை கட்டுவீர்கள். மொத்தம் 7,50,000. அதில் வட்டி 2,50,000. குறையும் அசல் கணக்கில் இது ஆண்டுக்கு 16.3 சதவீதம்.”

இரண்டாவது வரி, தாமதம். இதில் சிக்கல் ‘நிலுவை’ என்ற சொல்லில் இருக்கிறது. கட்டத் தவறிய தவணையும் நிலுவைதான். இன்னும் கட்ட வேண்டிய மொத்தக் கடனும் நிலுவைதான். நெல் விற்ற பணம் வர நாளாகி, முதல் தவணையை 45 நாள் தாமதமாகக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ‘மாதம் அல்லது அதன் பகுதி’ என்பதால் 45 நாள் இரண்டு மாதமாகிவிடும். தவறிய 75,000-க்கு என்றால் 4,500 ரூபாய். மொத்தக் கடனான 5 லட்சத்துக்கு என்றால் 30,000 ரூபாய். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் கொண்டால் வித்தியாசம் 25,500.

‘கூடுதல் வட்டி’ என்ற சொல்லும் இப்போது நிற்காது. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-ல் வெளியிட்ட உத்தரவின்படி, தாமதத்துக்கு வாங்குவது கட்டணமாக இருக்க வேண்டும். வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது. அந்தக் கட்டணத்தை அசலில் ஏற்றி அதற்கு மேல் வட்டி போடவும் கூடாது. புதிய கடன்களுக்கு இது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் கட்டாத தொகைக்கு வழக்கமான வட்டி ஓடுவதை இந்த உத்தரவு தடுக்கவில்லை. கணக்குத் தாளில் இரண்டும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அபராதம் தனியாகத் தெரியாமல் அசல் மட்டும் கூடியிருந்தால், விளக்கம் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

திருத்தி எழுதினால்: “தவணை நாள் தாண்டினால், கட்டாமல் விட்ட அந்தத் தவணைக்கு மட்டும் நாளொன்றுக்கு 75 ரூபாய் தாமதக் கட்டணம். இதற்கு வட்டி கிடையாது. வழக்கமான வட்டி தனி.” மாதம் 3 சதவீதமும் நாளுக்கு 75 ரூபாயும் ஒன்றுதான். நாள் கணக்கில் எழுதும்போது 45 நாளுக்கு 3,375 ரூபாய்தான் ஆகும். மாதத்தின் பகுதியை முழு மாதமாக்கும் வழி அடைபடுகிறது.

மூன்றாவது வரி, முன்கூட்டியே முடிப்பது. ஆறு தவணை கட்டியபின், மஞ்சள் விற்ற பணத்தில் கடனை முடிக்க நினைக்கிறார் விவசாயி. தவணைக்கு 50,000 வீதம் அசலில் 3 லட்சம் போய்விட்டது, மீதி 2 லட்சம்தான் என்பது அவர் கணக்கு. நிறுவனத்தின் அட்டவணையிலோ பாக்கி சுமார் 2,47,600 ரூபாய். முதல் தவணையான 75,000-ல் 40,700-க்கும் மேல் வட்டிக்கே போய்விடுவதால் வரும் வித்தியாசம் இது. தவணை அட்டவணையை முதல் நாளே வாங்கி வைத்திருந்தால் இந்த அதிர்ச்சி இருக்காது.

அடுத்தது 4 சதவீதக் கட்டணம். வாங்கிய 5 லட்சத்துக்குப் போட்டால் 20,000. முடிக்கும் தொகைக்குப் போட்டால் சுமார் 9,900. 2026 ஜனவரி 1-லிருந்து அனுமதிக்கப்படும் கடன்களில், முன்கூட்டியே செலுத்தும் தொகையின் அடிப்படையில்தான் இந்தக் கட்டணம் இருக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் கடன் பலவற்றுக்குக் கட்டணமே கூடாது என்றும் அதே உத்தரவு சொல்கிறது. நமது மாதிரி போன்ற மாறாத வட்டிக் கடனுக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே கடன் எந்த வகை என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வரி இப்படி இருக்கலாம்: “ஆறாவது தவணைக்குப் பின் முடித்தால் பாக்கி 2,47,600, கட்டணம் 9,900, மொத்தம் 2,57,500 ரூபாய்.” மீதமுள்ள நான்கு தவணையின் கூட்டுத்தொகை 3 லட்சம். எனவே முடிப்பதில் 42,500 மிச்சம். இது தெரிந்தால், அந்தப் பணத்தைக் கடனுக்குக் கட்டுவதா, அடுத்த போகத்துக்கு வைத்துக்கொள்வதா என்று விவசாயியே முடிவு செய்துகொள்வார்.

திருத்திய இந்த வரிகள் ஒப்பந்தமாகிவிடாது. கையெழுத்தான பத்திரம்தான் செல்லும். அதனால் வேளாண் அலுவலர்களும் உழவர் குழுக்களும் கையெழுத்துக்கு முன்பே இவற்றை எழுதி, கிளை அலுவலரிடம் கொடுத்து, “இந்தத் தொகைகள் சரியா?” என்று எழுத்தில் பதில் கேட்க வேண்டும். முக்கிய விவரத் தாள் கொடுத்த பின், யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தைக் கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது.

வசூலித்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் தனியார் வட்டிக்காரர்களும் ரிசர்வ் வங்கியின் இந்த விதிகளுக்குள் வரமாட்டார்கள். அங்கே வாங்கும் கடனுக்கு, தொகைகளைக் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குவது இன்னும் அவசியம்.