வாய்வழி விளம்பரத்துக்கும் சாதி உண்டு

“கை மணமாக இருந்தால் பேர் தானாகப் பரவும்.” விளம்பரத்துக்குக் காசில்லாத சமையல்காரருக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை இது. பாதி உண்மை. பேர் பரவும், ஆனால் எந்தத் தெரு வரைக்கும் என்பதைச் சமையல் மட்டும் தீர்மானிப்பதில்லை.

மடுகரையில், சேரியைச் சேர்ந்த ஒரு பெண் கேட்டரிங் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகைப் பாத்திரம், உதவிக்கு நான்கு பேர். முதல் வேலை சொந்தக்காரர் வீட்டு மஞ்சள் நீராட்டு விழா, 200 இலை. கடைசிப் பந்தி வரைக்கும் சாம்பார் நீர்க்கவில்லை, வடை தீரவில்லை. சாப்பிட்டவர்கள் பாராட்டுகிறார்கள். அடுத்த நான்கு மாதத்தில் ஐந்து வேலைகள் வருகின்றன. பிறகு அப்படியே நின்றுவிடுகிறது. ருசி குறையவில்லை. அந்த 200 பேரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரே செய்தி அவர்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை இதை விளக்குகிறது. அமெரிக்காவின் நியூட்டன் நகரில், தெரிந்தவர் சொல்லி வேலை பெற்றவர்களிடம் அவர் விசாரித்தார். அப்படிச் சொன்னவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் சுமார் 17 சதவீதம் பேர்தான். மற்றவர்களுக்கு அது எப்போதாவது பார்க்கும் பழக்கம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதுச் செய்தியைத் தூரத்துப் பழக்கம்தான் கொண்டுவருகிறது.

நம் கிராமங்களில் அந்தத் தூரத்துப் பழக்கம் இருக்க வேண்டிய இடத்தில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. ஊரும் சேரியும் ஒரே பேருந்தில் போகலாம், ஒரே வயலில் நிற்கலாம். ஒரே பந்தியில் உட்காராதவரை சமையலின் பேர் எல்லை தாண்டாது. ஏனென்றால் சாப்பிட்டவர்தான் சாட்சி.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த பாப்பாள் அருந்ததியர் சமூகத்தவர். வேறு பள்ளிகளில் சமைத்த அனுபவம் உள்ளவர். அவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் தடுத்தார்கள். அதிகாரிகளும் முதலில் அவரை இடமாற்றம் செய்து, போராட்டம் எழுந்த பிறகே அதை ரத்து செய்தார்கள். அங்கே பிரச்சினை உப்பும் புளியுமா? சாதி என்ற ‘பேர்’ சாப்பாட்டுக்கு முன்னாலேயே பரவியிருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் ‘பிராமணாள்’ என்ற பெயர்ப் பலகையை எதிர்த்துப் பெரியார் போராட்டம் நடத்தினார். ஒரு சாதிப் பெயரைப் பலகையில் எழுதினாலே சுத்தம், ருசி, நம்பிக்கை மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. சிலர் பைசா செலவில்லாமல் பரம்பரையாக அனுபவிக்கும் விளம்பரம் அது.

அப்படியானால் அந்தப் பெண் என்ன செய்யலாம்? முதலில் ஒரு நோட்டு. விசாரித்து வரும் ஒவ்வொருவரிடமும் “யார் சொல்லி வந்தீங்க?” என்று கேட்டு, பேரையும் தெருவையும் எழுத வேண்டும். பத்து விசாரிப்பில் ஒன்பது இரண்டு தெருக்களிலிருந்தே வந்தால், பேர் வளரவில்லை, சுற்றுகிறது என்று அர்த்தம். வேலையாக மாறாத விசாரிப்பையும் எழுத வேண்டும். சாதிக்காக மறுப்பவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். “தேதி மாறிப்போச்சு”, “பெரியவங்க வேற ஆள் பேசிட்டாங்க” என்பார். ஊர் பற்றிய கேள்விக்கு அப்புறம் இந்தப் பதில் திரும்பத் திரும்ப வந்தால், விலையைக் குறைத்துப் பயனில்லை. நட்டம்தான் மிஞ்சும்.

இரண்டாவது, பல சாதியினர் சேர்ந்து சாப்பிடும் இடங்களைத் தேட வேண்டும். பணி ஓய்வு விழா, தொழிற்சங்கக் கூட்டம், கல்லூரிக் கருத்தரங்கு, பள்ளி ஆண்டு விழா. அங்கே 50 சாப்பாடு போடுவது, சொந்தக்காரர் வீட்டில் 200 இலை போடுவதைவிட அதிகத் தூரம் பேசும். வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் எல்லைக்கு அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்தும் வந்தவர்கள் ஒரே பந்தியில் இருப்பார்கள். பாத்திர வாடகைக்காரரும் பந்தல்காரரும் எல்லாத் தெருவுக்கும் போகிறவர்கள். அவர்களுக்கும் ஒரு இலை போட்டு உட்காரவைத்தால், போகிற இடத்தில் அவர்கள் சொல்வார்கள்.

ஆனால் இதையெல்லாம் அவர் மட்டும் செய்தால் போதாது. ஒரு சமையல்காரர் தன் உழைப்பால் சாதிச் சுவரில் ஓட்டை போட வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநீதி. கூட்டம் ஏற்பாடு செய்கிறவர்கள், கல்லூரி விழாவுக்குச் சாப்பாடு சொல்கிறவர்கள், வீட்டுக் கல்யாணத்தில் பேச உரிமை உள்ளவர்கள் நம்மில் எத்தனையோ பேர். சாதி ஒழிப்பு மாநாட்டுக்குக்கூட வழக்கமான ஆளையே கூப்பிடுகிறோம். ஆதிக்க சாதியில் பிறந்த தோழர் தன் வீட்டு விசேஷத்துக்கு அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லட்டும். “யாரு சமையல்?” என்று உறவினர் கேட்டால் ஊரையும் சேர்த்தே சொல்லட்டும். அந்தத் தூரத்துப் பழக்கம் நாம்தான்.