பாதித் தவணை கட்டினால் பாதி வட்டி திரும்புமா?

ஐந்தாண்டுத் தவணைக் கடனை இரண்டரை ஆண்டில் அடைத்துவிட்டால் மொத்த வட்டியில் பாதி மிச்சம் என்று ஜெர்மனியில் கடன் வாங்கும் நம்மவர்களில் பலர் நம்புகிறார்கள். வங்கி அதைவிடக் குறைவாகக் கழித்தால் ஏமாற்றிவிட்டதாகக் கொதிக்கிறார்கள். இந்தக் கணக்கு அடிப்படையிலேயே தவறு. பழைய ஜெர்மன் தவணைக் கடன் பாணியில் ஒன்றைப் பார்ப்போம். கடன் 10,000 யூரோ. அசல் தொகையின் மீது மாதம் 0.4 சதவீதம், 60 மாதம். வட்டி 2,400 யூரோ என முன்கூட்டியே கணக்கிட்டுச் சேர்த்துவிட, தவணை சுமார் 206.67 யூரோ ஆகிறது. அசல் மாதாமாதம் குறைவதால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 9 சதவீதத்தைத் தாண்டும். முதல் மாதம் 10,000 யூரோவும் நம் கையில் இருக்கிறது, அதற்கு வட்டி ஏறத்தாழ 73 யூரோ. கடைசி மாத வட்டியோ ஒன்றரை யூரோதான். வட்டியின் பெரும்பங்கு முன்பாதியிலேயே ஏறிவிடுகிறது. 30 தவணை கட்டியபின் மீதியைக் கட்டி முடித்தால், நிலுவை அசலின்படி குறைய வேண்டிய வட்டி சுமார் 654 யூரோ. 1,200 அல்ல.

அப்படியானால் முன்கூட்டி அடைக்கும்போது வட்டிக் கழிவைக் கணக்கிடும் 78ஆம் விதி நியாயமானதா என்று கேட்கலாம். இல்லை. ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் 78. ஓராண்டுக் கடனின் முதல் மாதத்துக்கு வட்டியில் 12/78 பங்கு, அடுத்ததற்கு 11/78 என்று பிரிப்பதுதான் அந்த விதி. நம் 60 மாதக் கடனில் கூட்டுத்தொகை 1,830. மீதமுள்ள 30 மாதங்களின் பங்கு 465. கிடைக்கும் கழிவு சுமார் 610 யூரோ. சரியான கணக்கைவிட 44 யூரோ குறைவு. தொகை சிறிதுதான், ஆனால் பிழை எப்போதும் கடன் கொடுத்தவர் பக்கமே சாய்கிறது. வட்டி விகிதமும் காலமும் கூடக்கூட அது பெருகும். அதனால்தான் அமெரிக்கா 1992இல் 61 மாதத்துக்கு மேற்பட்ட நுகர்வோர் கடன்களில் இதைத் தடை செய்தது. ஆனால் எதிர்பார்த்த 1,200க்கும் வந்த 610க்கும் இடையிலுள்ள 590 யூரோவில் விதியின் குற்றம் 44 மட்டுமே. மற்றது நம் தவறான எதிர்பார்ப்பு.

சட்டம் எதற்கு என்பார்கள். ஜெர்மன் சட்டம் நுகர்வோர் கடனை முன்கூட்டியே அடைக்கும் உரிமையைத் தருகிறது. எஞ்சிய காலத்துக்குரிய வட்டியையும் செலவையும் குறைக்கச் சொல்கிறது. ஏற்கெனவே பயன்படுத்திய பணத்துக்கான வட்டியை அது திருப்பித் தரச் சொல்லவில்லை. சாதாரணத் தவணைக் கடனில் வங்கி இழப்பீடு கேட்டாலும், முன்கூட்டிக் கட்டும் தொகையில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எஞ்சிய காலம் ஓராண்டோ அதற்குக் குறைவோ என்றால் 0.5 சதவீதம். நம் உதாரணத்தில் நிலுவை சுமார் 5,546 யூரோ, எனவே உச்சம் 55 யூரோ. வங்கியுடன் வாதாடும் முன் அடைக்கும் நாளின் நிலுவை அசலையும் இழப்பீட்டையும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். நிலுவையைத் தவணை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அங்கே வேறுபாடு இருந்தால் சண்டை போடுங்கள்.