கண் மஞ்சளானால் கீழ்க்காய்நெல்லி போதுமா?

மாரி தொடங்கினால் எமது தோட்ட லயன்களில் ஒரு பேச்சும் தொடங்கிவிடும். யாருக்கோ கண் மஞ்சளாகிவிட்டது, செங்கண்மாரி, உடனே கீழ்க்காய்நெல்லி பிடுங்கி அரைத்துக் கொடு என்பார்கள். வெறும் வயிற்றில் நெல்லிக்காயளவு, ஆட்டுப்பாலில் அல்லது மோரில் கரைத்து, உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியத்தோடு. அம்மம்மா காலத்திலிருந்து வரும் வழக்கம். நாமும் சிறுவயதில் குடித்தவர்கள்தான். அதனால் இதை எழுதுவது மூலிகையை இழிவுபடுத்துவதற்கல்ல.

பளைப் பக்கத்துத் தென்னந்தோட்டமொன்றில் வேலை செய்யும் எமது அங்கத்தவர் ஒருவருக்கு நடந்ததை முதலில் சொல்கிறோம். பெயர் வேண்டாம். மழைக்குப் பிறகு, பொச்சுமட்டை புதைக்கும் குழியில் தேங்கிய தண்ணீருக்குள் வெறுங்காலோடு நின்று இரண்டு நாள் துப்புரவு செய்தார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலைத் தொட முடியாத நோவு. கண் சிவந்தது. ஐந்தாம் நாள் அதே கண் மஞ்சளாயிற்று. வீட்டில் செங்கண்மாரி என்று முடிவெடுத்து மூன்று நாள் கீழ்க்காய்நெல்லி கொடுத்தார்கள். அந்த மூன்றாம் நாள் அவருக்குச் சலம் வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. ஒரு நாட் சம்பளம் போய்விடுமே என்று வைத்தியசாலைக்குப் போகாதிருந்தவர், கடைசியில் குருதி சுத்திகரிக்கும் இயந்திரத்தில் கிடந்து பிழைத்தார். அவருக்கு வந்தது எலிக்காய்ச்சல்.

எலியின் சலம் கலந்த தண்ணீரில் இருக்கும் கிருமி, காலிலுள்ள வெடிப்பாலும் காயத்தாலும் உள்ளே போகிறது. அது ஈரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துத் தாக்கும். ஆரம்பத்திலேயே பென்சிலின், டொக்சிசைக்கிளின் போன்ற மருந்துகளைத் தொடங்கினால் அடக்கக்கூடிய நோய். பிந்தினால் ஆளைக் கொல்லும். 2024 டிசம்பரில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்டு அடுத்தடுத்து ஆட்கள் இறந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். முதலில் மர்மக் காய்ச்சல் என்றார்கள். பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

அப்படியானால் கீழ்க்காய்நெல்லி குடித்துச் சுகமானவர்கள் எல்லாரும் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. கண் மஞ்சளாவது ஒரு நோயல்ல, பல நோய்களின் அடையாளம். அழுக்குத் தண்ணீராலும் சாப்பாட்டாலும் தொற்றுகிற ஏ வகை ஈரல் அழற்சிதான் எமது பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவது. அது பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே மாறிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். கீழ்க்காய்நெல்லிக்குக் கிடைத்த பேரில் பெரும்பங்கு இப்படி வந்தது என்பதே எமது எண்ணம்.

ஆனால் அந்தச் செடியை யாரும் ஆராயாமல் விடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன், பி வகைக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க்குடன் சேர்ந்து, 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார். பி வகைக் கிருமியை உடலில் நெடுங்காலம் சுமப்பவர்களுக்குக் கீழ்க்காய்நெல்லித் தூளை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று தரம், 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேரின் குருதியில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுத் தூள் பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. தமிழர் மருந்து வென்றுவிட்டது என்று எங்களைப் போன்றவர்களும் நெஞ்சை நிமிர்த்தினோம்.

பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதே வகையில் பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்களும், நம்பி மருந்தாகக் கொடுக்கச் சான்று போதாது என்றே எழுதினார்கள். செடியில் ஒன்றுமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் முதல் ஆய்வை மட்டும் சொல்லிப் பின்னால் வந்ததை மறைத்து மருந்து விற்பவர்களை நாம் நம்பக்கூடாது.

இப்போது புதிதாக வந்திருப்பது மில்க் திசில். ஐரோப்பாவில் வளரும் ஊதாப்பூ முட்செடி அது. அதன் விதையிலிருந்து எடுப்பதுதான் சிலிமரின். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் போத்தலாக அனுப்புகிறார்கள், பாமசியிலும் கிடைக்கிறது. அமெரிக்காவில் சி வகை ஈரல் அழற்சி உள்ள 154 பேருக்கு இரண்டு அளவுகளில் 24 கிழமை கொடுத்துப் பார்த்து 2012இல் முடிவைச் சொன்னார்கள். கூடிய அளவு சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரையைவிட நன்மை தெரியவில்லை. பெரிய கெடுதலும் தெரியவில்லை. நச்சுக் காளான் சாப்பிட்டவர்களுக்கு ஐரோப்பிய வைத்தியசாலைகளில் இதன் சத்தை ஊசியாக ஏற்றுவதுண்டு. அது வேறு விஷயம், போத்தல் மாத்திரைக்கு அதைச் சாட்சியாக்க முடியாது.

எமக்குக் கவலை மாத்திரையைவிட அதனோடு வரும் நினைப்பில்தான். காலையில் ஒரு மாத்திரை, பின்னேரம் கசிப்பு. மாத்திரை ஈரலைப் பார்த்துக்கொள்ளுமாம்! குடியால் கெட்ட ஈரலுக்குக் குடியை நிறுத்துவதற்கு ஈடான மாத்திரை கிடையாது. வயிறு வீங்கி, கால் வீங்கி இருப்பவருக்குச் சாராயத்தை விடாமல் பத்தியத்தை மட்டும் பிடிப்பது இன்னும் மோசம். உப்பைக் குறைப்பது சரி, ஆனால் மீனும் முட்டையும் பருப்பும் நிறுத்தினால் ஏற்கெனவே கரைந்துபோகும் உடம்பு இன்னும் கரையும்.

இலைதானே, கெடுதல் செய்யாது என்பதும் சரியல்ல. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று இந்தியாவில் சீந்தில் கொடியை அவித்துக் குடித்தார்கள். 2020 செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் மட்டும் அப்படிக் குடித்த ஆறு பேர் ஈரல் பாதிப்போடு வந்ததை அங்குள்ள வைத்தியர்கள் பதிவு செய்தார்கள். சீந்தில் எமது வேலிகளிலும் படர்கிறது. எல்லாருக்கும் அது நஞ்சு என்று சொல்லவரவில்லை. யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது குடிப்பதற்கு முன் தெரியாது என்பதுதான் சிக்கல்.

ஆகவே கண் மஞ்சளானால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்க் குருதி கொடுங்கள். ஈரலின் நிலையையும், ஏ வகையா பி வகையா எலிக்காய்ச்சலா என்பதையும் அங்கே பார்க்கலாம். சேற்றிலும் தண்ணீரிலும் வேலை செய்ததைக் கேட்காமலே சொல்லுங்கள். குடித்த மூலிகையையும் மறைக்க வேண்டாம், ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை. தடுமாறிப் பேசினால், இரத்தமாகச் சத்தி எடுத்தால், மலம் தார் போலக் கறுத்தால், சலம் குறைந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். சித்த வைத்தியம்தான் வேண்டும் என்பவர்கள் கைதடியிலுள்ள சித்த போதனா வைத்தியசாலைக்குப் போகலாம், ஆனால் குருதிப் பரிசோதனை முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு நாட் சம்பளத்துக்காக ஆட்கள் வீட்டில் இலை அரைத்துக்கொண்டிருப்பது அவர்களுடைய அறியாமையால் மட்டும் அல்ல. குழிக்குள் இறக்கும் நிர்வாகம் முழங்கால்வரை சப்பாத்து கொடுக்க வேண்டும், காய்ச்சலுக்குக் குருதி பார்க்கப் போகும் நாளைச் சம்பள நாளாக எழுத வேண்டும். மாரிக்கு முன் பொதுச் சுகாதார பரிசோதகரைத் தோட்டத்துக்கு அழைத்து, தடுப்பு மாத்திரை யாருக்குத் தேவை என்று கேட்கவும் வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் இந்த மூன்றையும் வைக்கிறோம். கடந்த மாரியில் காய்ச்சலால் சம்பளம் இழந்தவர்கள் எத்தனை நாள் இழந்தீர்கள் என்பதை உங்கள் தோட்டக் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.