திங்கட்கிழமை 11 மணி வரிசை

'விரும்பிய நேரத்தில் வேலை செய்யலாம்' என்று சொல்லித்தான் உணவு டெலிவரி நிறுவனங்கள் ஆள் பிடிக்கின்றன. அந்த நேரத்தைப் பங்கு போடுவது யார் என்பதைச் சொல்வதில்லை. இத்தாலியில் போலோனியா நகர நீதிமன்றம் அதைத்தான் கிளறிப் பார்த்தது.

அங்கே டெலிவரூ நிறுவனம் வைத்திருந்த ஏற்பாடு இது. அடுத்த வார வேலைக்கான ஸ்லாட்டுகள் திங்கட்கிழமைதோறும் செயலியில் திறக்கும். மதிப்பெண் அதிகம் உள்ளவர்களுக்குக் காலை 11 மணிக்கு, அடுத்த நிலையில் உள்ளவர்களுக்குப் பிற்பகல் 3 மணிக்கு, மற்றவர்களுக்கு மாலை 5 மணிக்கு. பதிவு செய்த ஸ்லாட்டுக்குத் தவறாமல் வந்தாரா என்பதற்கு ஒரு மதிப்பெண். வெள்ளி முதல் ஞாயிறு வரை, ஆர்டர் குவியும் இரவு 8 முதல் 10 மணிக்குள் எத்தனை முறை வேலை பார்த்தார் என்பதற்கு இன்னொன்று. வர முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ய வேண்டும்.

காய்ச்சல் 24 மணி நேரத்துக்கு முன் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒரு தொழிலாளி சனிக்கிழமை இரவு வேலைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 11 மணி வரிசையில் இருந்தவர் 3 மணிக்குப் போகிறார். இன்னும் ஓரிரு முறை தவறினால் 5 மணிக்கு. அதற்குள் இரவுச் சாப்பாட்டு நேர ஸ்லாட்டுகள் தீர்ந்துவிடும். மணிக்கு 2 ஆர்டர் வீதம் 25 மணி நேரம் ஓட்டியவருக்கு, மணிக்கு 1 ஆர்டர் வரும் மந்தமான பிற்பகலில் 15 மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால், 50 ஆர்டர் கூலி 15 ஆர்டர் கூலியாகச் சுருங்கும். ஆர்டருக்கான கூலியில் நிறுவனம் ஒரு காசு குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வார இறுதி இரவு ஸ்லாட்டே கிடைக்காதவர் இரண்டாவது மதிப்பெண்ணை எப்படி ஏற்றுவார்?

சிஜிஐஎல் கூட்டமைப்பைச் சேர்ந்த சங்கங்கள் வழக்குப் போட்டன. 2020 டிசம்பர் 31 அன்று தீர்ப்பு வந்தது. நோயாளியையும், வேலைநிறுத்தம் செய்தவரையும், காரணமின்றி வராதவரையும் ஒரே தட்டில் வைப்பது மறைமுகப் பாகுபாடு என்றது நீதிமன்றம். எல்லாருக்கும் ஒரே விதி என்பது நியாயமாகிவிடாது என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலையில் அடிபட்டாலோ செயலி பழுதானாலோ மட்டும் நிறுவனம் மதிப்பெண்ணைச் சரிசெய்து வந்திருக்கிறது. அப்படியானால் மனம் வைத்தால் காரணத்தைப் பார்க்க அதற்குத் தெரியும். நிறுவனம் 50,000 யூரோ இழப்பீடு தர வேண்டியதாயிற்று. தீர்ப்பு வரும் முன்பே அந்த முறையை அது கைவிட்டிருந்தது.

இங்கேயும் ஸ்லாட்டும் தரவரிசையும் டெலிவரித் தொழிலாளருக்குப் பழகிப்போனவைதான். நமது 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், நல நிதிக்கு நிறுவனங்கள் ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 விழுக்காடு தர வேண்டும் என்கிறது. வேலை நேரத்தை எப்படிப் பங்கிட வேண்டும் என்பது பற்றி அதில் பேச்சே இல்லை. நோய், விபத்து, வேலைநிறுத்தம் ஆகியவற்றுக்காக மதிப்பெண் குறையக் கூடாது, குறைத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற விதியை மாநில நலவாரியங்களிடம் சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்.