உயரம் பிழைத்தால் சிறுநீரகக் கணக்கும் பிழைக்கும்

இரத்தப் பரிசோதனை முடிவில் ‘கிரியேட்டினின் 73’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலகு, லிட்டருக்கு மைக்ரோமோல். அது உங்களுடைய முடிவு என்றால் கவலையில்லை. பெரியவர்களுக்கு அது இயல்பான அளவுதான். அதே 73 ஒன்றாம் ஆண்டில் படிக்கும் உங்கள் பிள்ளையுடையது என்றால், சிறுநீரகம் பாதித் திறனோடுதான் இயங்குகிறது என்று பொருள்படலாம். ஒரே எண்ணுக்கு ஏன் இரண்டு பொருள்?

கிரியேட்டினின் நம் தசைகளில் நாள்தோறும் உருவாகும் கழிவு. அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. தசை குறைவாக உள்ள குழந்தையின் உடலில் இந்தக் கழிவு குறைவாகவே உருவாகும். அப்படியிருந்தும் இரத்தத்தில் அது பெரியவர்கள் அளவுக்குத் தேங்கியிருந்தால், வடிகட்டுவதில்தான் குறை. ஆகவே குழந்தையின் தசை எவ்வளவு என்று தெரியாமல் கிரியேட்டினினுக்குப் பொருள் சொல்ல முடியாது. தசையை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், அதற்குப் பதிலாக உயரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஷ்வார்ட்ஸும் அவருடைய குழுவினரும் 1976-இல் இந்த வழியைக் காட்டினார்கள். 2009-இல் அது திருத்தப்பட்டது. இன்று பரவலாகப் பயன்படும் கணக்கு இதுதான்: உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, 36.5 ஆல் பெருக்கி, கிரியேட்டினின் அளவால் வகுக்க வேண்டும். கிடைப்பது சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் வடிகட்டும் அளவின் மதிப்பீடு. பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒப்பிட வசதியாக, அது 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று சொல்லப்படும்.

நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். 36.5 என்பது 73-இல் சரிபாதி. ஆகவே இந்தப் பிள்ளைக்கு விடை, உயரத்தில் பாதி. உயரம் 112 சென்டிமீட்டர் என்றால் விடை 56. இப்போது, பதிவு செய்பவர் கைதவறி 112-ஐ 121 என்று தட்டிவிட்டால் விடை 60.5 ஆகிவிடும். உயரத்தில் 8 விழுக்காடு பிழை வந்தால் விடையிலும் அதே 8 விழுக்காடு பிழை வரும். ஆனால் 60 என்பது மருத்துவர்கள் கவனிக்கும் ஓர் எல்லைக்கோடு. அதற்குக் கீழே மூன்று மாதத்திற்கு மேல் நீடித்தால் நோயின் நிலை மாறும். சில மருந்துகளின் அளவும் மறுபடி பார்க்கப்படும். கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளையை அந்தப் பிழை மேலே தூக்கிவைத்துவிடுகிறது.

பழைய உயரம் இதற்கு நேர்மாறான பிழையைச் செய்யும். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை 124 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது. தசையும் கூடியதால் கிரியேட்டினின் 81. சரியான உயரத்தோடு கணக்கிட்டால் விடை ஏறக்குறைய 56. அதாவது நிலைமையில் மாற்றமில்லை. கணினியில் பழைய 112-ஏ இருந்தால் விடை 50 சொச்சம்தான் வரும். பிள்ளை வளர்ந்ததைச் சிறுநீரகம் தேய்ந்ததாகக் காட்டிவிடும். பெற்றோர் வீணாகக் கலங்குவார்கள்.

பெரியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களுக்கான கணக்கு வயதையும் பாலினத்தையும் கேட்கும். அவை ஆய்வகக் கணினியிலேயே இருக்கும். குழந்தையின் உயரத்தை மட்டும் யாராவது ஒருவர் அளந்து, எழுதி, அனுப்ப வேண்டும். அறுந்துபோவது பெரும்பாலும் இந்த இழைதான்.

ஆகவே என் கருத்து இது. குழந்தைகளின் முடிவுத்தாளில் விடையோடு, கணக்கில் எடுத்த உயரமும் அதை அளந்த தேதியும் அச்சிடப்பட வேண்டும். உயரம் கிடைக்காவிட்டால் கிரியேட்டினினை மட்டும் தந்து, விடை இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விடுவதே நேர்மை. ஊகித்த உயரத்தில் பிறந்த எண்ணும் மற்ற எண்களைப் போலவே கச்சிதமாகத் தெரியும், அதில்தான் ஆபத்து.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. இரத்தம் எடுக்கும் நாளிலேயே உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். காலணியைக் கழற்றி, குதிகால் சுவரில் பட, பார்வை நேராக இருக்க வேண்டும். உச்சியில் முடிந்த கொண்டையை அவிழ்த்துவிடுங்கள். “கடைசியா எவ்வளவு இருந்தான்?” என்று கேட்டால் நினைவிலிருந்து பதில் சொல்லாதீர்கள்.

உயரம் சரியாக இருந்தாலும் இது மதிப்பீடுதான். முதுகெலும்பு வளைந்த பிள்ளைக்கும், தசை மெலிந்த பிள்ளைக்கும் உயரம் தசையின் அளவைச் சொல்லாது. அவர்களுக்குத் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு, முடிவுத்தாளைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “எந்த உயரத்தை வைத்துக் கணக்கிட்டீர்கள்?”